46,500 ரூபாய் கொடுத்து அப்பப்பாவின் கொப்பியை வெட்டக் கொடுத்தேன்

நேற்றுப் பின்னேரம்தான் புத்தகங்கள் வீடு வந்து சேர்ந்தன. இரவு நித்திரை இல்லை. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று நானும் விட்டுவிடுவேன், அடுத்த ஆள் போய் அதே கடையில் மாட்டுவார். கடையின் பெயரை எழுதவில்லை, அதற்கு வேறு இடம் இருக்கிறது. யாழ் நகரத்துக்குள், கலியாணக் காட், பாஸ்போர்ட் படம், பழைய வீடியோ கசெட்டை சீடியாக்குவது எல்லாம் செய்கிற மாதிரியான ஒரு கடை. "பழைய புத்தகங்களை உங்கள் வீட்டுக்கே வந்து ஸ்கான் செய்து தருவோம், கையாலே தொடுவதற்கே பயப்படும் பக்கங்கள் கூட" என்று விளம்பரம் போடுவார்கள்.

என்னிடம் இருந்தவை மூன்று. அப்பப்பாவின் குறிப்புக் கொப்பிகள் இரண்டு, அவர் வாசித்த கந்தபுராணம் ஒரு காண்டம் உரையோடு. எல்லாம் சேர்த்து 620 பக்கம். கொப்பிகளில் 1931 இலிருந்து பிறப்பு, இறப்பு, காணி எழுதின விபரம், யாருக்கு எத்தனை பரப்பு எத்தனை குழி என்று. கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது அப்பப்பா பயன் சொல்லுவார், அதனால் அந்தப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருப்பார், இன்றைக்கு இந்த இடத்தில் நிறுத்தினது, இந்தச் சொல்லுக்கு இப்படிப் பொருள் சொன்னது என்று. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அம்மா வேறு எதை விட்டாலும் இந்த மூன்றையும் சாக்கில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டி சாவகச்சேரி வரைக்கும் கொண்டு போனவ. அதையெல்லாம் தாண்டி வந்த புத்தகம்.

முதல் நாள் வந்த பையனைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் ஏன் நம்பினேன் என்று விளங்காது. அவ்வளவு சுத்தமான வேலை. மேசையில் துவாயை இரண்டு பக்கமும் மடித்து வைத்து, கொப்பியை முழுக்க விரிக்காமல் அரைவாசி திறந்த நிலையிலேயே அதில் சாய்த்து வைத்தான். "முழுக்க விரிச்சா முதுகு வெடிக்கும் ஐயா" என்றான். மெல்லிய பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுத்த மட்டையைச் செருகினான். மறுபக்க எழுத்து இந்தப் பக்கத்தில் ஊறித் தெரியாமல் இருப்பதற்காம். மேலே கமரா நேர்கீழாகப் பார்க்க, இரண்டு லைட் இரண்டு பக்கத்திலிருந்தும் சரிவாக. பக்கத்தின் அருகே ஒரு அடிமட்டமும் நிறக்கட்டங்கள் போட்ட சின்ன அட்டையும் வைத்துத்தான் படம் எடுத்தான். பத்துப் பக்கம் எடுத்து மடிக்கணினியில் பெருப்பித்துக் காட்டினான். மங்கிப்போன பென்சில், அப்பப்பா அழித்து எழுதின இடத்தில் ரப்பர் தேய்த்த அடையாளம் கூடத் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் 56 எம்பி. "இதுதான் மாஸ்டர் ஐயா, சுருக்காத டிஃப் கோப்பு. இதை வைச்சு நாளைக்கு எது வேணுமெண்டாலும் செய்யலாம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பையன் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, "ஐயா, இப்பிடி ஒவ்வொரு நாளும் வந்தா ஒரு மாதம் போகும். கடைக்குக் கொண்டு போனா ரெண்டு கிழமையிலை முடிச்சிடலாம், இதே முறைதான்" என்றான். இந்த இடம்தான். இந்த ஒரு இடத்தில் நான் "இல்லைத் தம்பி, எவ்வளவு நாள் போனாலும் பரவாயில்லை, இஞ்சையே செய்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பக்கத்துக்கு 75 ரூபாய், 620 பக்கத்துக்கு 46,500. முற்பணமாக 25,000 கொடுத்து, புத்தகங்களைப் பழைய வேட்டியில் சுற்றி நானே அவன் கையில் கொடுத்தேன்.

இரண்டு கிழமையில் பென்டிரைவ் வந்தது. புத்தகம் வரவில்லை. "முதுகு தளர்ந்து போச்சு ஐயா, இலவசமா பைண்டிங் செய்து தாறம்" என்றார்கள். எவ்வளவு நல்ல மனம் என்று நினைத்து மிச்சம் 21,500 ஐயும் கொடுத்துவிட்டேன்.

இரவு திறந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறம் கூட இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒன்றில் முழுக் கறுப்பு, இல்லாவிட்டால் முழு வெள்ளை. புதிதாக அச்சடித்த தாளுக்கு இது போதும். தொண்ணூறு வருடத்துத் தாள் மண்ணிறமாகிவிட்டது, அதன் மேல் பென்சில் எழுத்து சாம்பல், இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் கொஞ்சம்தான். மெஷின் ஒரு கோட்டைப் பிடித்து இதற்கு மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்று வெட்டும்போது பென்சில் வெள்ளைப் பக்கம் போய்விடும், தண்ணீர்க் கறையும் பூச்சி அரித்த இடமும் கறுப்பாகிவிடும். அதேதான் நடந்திருந்தது. அப்பப்பாவின் ஓரக் குறிப்புகள் இருந்த இடமெல்லாம் பளிச்சென்று வெள்ளை. கறைகள் மட்டும் கண்மை பூசினது போல் அழகாக வந்திருக்கின்றன. 620 பக்கமும் சேர்ந்த பிடிஎஃப் 19 எம்பி. பையன் காட்டின ஒரு பக்கத்தின் பாதி கூட இல்லை.

பிறகு பிடிஎஃப்புக்குள் இருந்த கொப்பிப் பக்கம் ஒன்றைப் படமாகப் பிரித்தெடுத்து அந்தக் கோப்பின் விபரத்தைத் திறந்தேன். 600 dpi என்று போட்டிருந்தது, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. கொப்பியின் பக்கம் ஆறரை அங்குல அகலம், எட்டு அங்குல உயரம். கொடுக்க முதல் அளந்து எழுதி வைத்திருந்தேன், நான் செய்த ஒரே புத்தியான வேலை அது. அப்படியானால் 3900 க்கு 4800 புள்ளி இருக்க வேண்டும். Dimensions வரியில் இருந்தது 1220 x 1600. 1600 ஐ எட்டால் வகுத்தால் 200. ஆக உண்மையில் 200 தான். 600 என்பது கோப்புக்குள் யாரோ மாற்றி எழுதின எண், அதை யாரும் எப்படியும் எழுதலாம், புள்ளிகளை எண்ணினால்தான் உண்மை தெரியும்.

ஆனால் அகலம் இடித்தது. ஆறரை அங்குலத்துக்கு 200 வீதம் 1300 வர வேண்டும், 1220 தான் வந்திருக்கிறது. 80 புள்ளி குறைவு. 80 ஐ 200 ஆல் வகுத்தால் 0.4 அங்குலம், ஒரு சென்ரிமீற்றர். ஒரு பக்கத்தில் என்றால் சரிந்து போயிருக்கும் என்று விடலாம். நான் பார்த்த இருபது முப்பது பக்கத்திலும் அதே ஒரு சென்ரிமீற்றர். அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. புத்தகத்தின் முதுகை வெட்டியிருக்கிறார்கள். கட்டிங் மெஷினில் முதுகை நறுக்கி, தாள் தாளாக்கி, தானாக இழுத்துப் போடும் ஸ்கானருக்குள் கொடுத்திருக்கிறார்கள். கமராவும் இல்லை, கறுத்த மட்டையும் இல்லை. அதற்குத்தான் அந்த இலவச பைண்டிங்.

காலையில் போன் எடுத்தால், "இல்லை ஐயா, எங்கடை முறைதான் அது, எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை." கறுப்பு வெள்ளை ஏன் என்று கேட்டால், "எழுத்து வடிவாத் தெரியும் எண்டுதான்." நிறத்தில் எடுத்த கோப்பைத் தாருங்கள் என்றால், "அது பெரிசு ஐயா, இடம் காணாது எண்டு அழிச்சுப்போட்டம்." அடுத்த நாள் "முதலாளி கொழும்பு போட்டார்." அதற்கடுத்த நாள் வாட்ஸ்அப்பில் நீலச் சரி விழுகிறது, பதில் இல்லை. நேரே போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, "பழைய பேப்பர் எண்டா உடையத்தானே செய்யும் அங்கிள்" என்று, நான் உடைந்ததைப் பற்றிக் கேட்கவே இல்லை, தானே சொல்லுது! அப்போதுதான் உடைந்தும் இருக்கிறது என்று விளங்கியது. 46,500 க்கு ரசீது கேட்டேன், பில் புத்தகம் முடிந்துவிட்டதாம்.

நேற்று வந்தது. முதுகு பசை போட்டு ஒட்டியிருக்கிறது, கையால் விரித்துப் பிடிக்காமல் வாசிக்க முடியாது, விரித்தால் பக்கம் கழருகிறது. உட்பக்க ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகளில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று எழுத்து இல்லை. காணிக் கணக்கு ஒன்றில் "பரப்பு" என்ற சொல் இருக்கிறது, முன்னால் இருந்த எண் கட்டிங் மெஷினோடு போய்விட்டது. ரோலரில் சிக்கிக் கிழிந்த தாள் பதினேழு எண்ணினேன். எல்லாவற்றுக்கும் செலோடேப். அதை இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும், விட்டால் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். வெட்டின முதுகுத் துண்டுகள் எங்கே என்று கேட்டேன். "குப்பைக்குள்ளை போயிருக்கும்."

கொடுக்கிறவர்களுக்கு அவசரமாகச் சிலது சொல்கிறேன், விரிவாக எழுத இப்போது மனமில்லை. புத்தகம் வாசலைத் தாண்டக் கூடாது, கரண்ட் போனால் அடுத்த நாள் வரச் சொல்லுங்கள். பக்கத்தை அளந்து எழுதி வையுங்கள், வந்த கோப்பின் புள்ளிகளை அந்த அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள். நிறத்தில் எடுத்த மாஸ்டரை அன்றன்றே உங்கள் டிரைவில் வாங்குங்கள், பிடிஎஃப் மட்டும் தருகிறேன் என்றால் எழும்பிப் போகச் சொல்லுங்கள். "முதுகை வெட்டக் கூடாது" என்று எழுத்தில் வாங்குங்கள். புத்தகம் கையில் வரும்வரை மிச்சக் காசு கொடுக்காதீர்கள், நான் 21,500 ஐ அப்படித்தான் விட்டேன். வீட்டில் துவாயும் கறுத்த மட்டையும் நல்ல போனும் இருந்தால், ஜன்னல் வெளிச்சத்தில் நீங்களே எடுப்பது இதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொன்று. இன்று காலை அவர்களுடைய புதிய விளம்பரம் கண்ணில் பட்டது. மேலே கமரா, துவாயில் சாய்த்த கொப்பி, பக்கத்தில் நிறக்கட்ட அட்டை. என் அப்பப்பாவின் கையெழுத்து! பென்சில் கோடு வரை அப்படியே, நிறத்தில். அழித்துவிட்டோம் என்று சொன்ன அந்தப் பத்துப் பக்கத்தில் ஒன்று. பத்து மணிக்குக் கடை திறக்கும், மருமகனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். காசு பிறகு, முதலில் அந்தப் பத்துப் பக்கமும் வேண்டும்.