"நாலு மணி நேரம் ஓடும், ஃப்ரிட்ஜும் போட்டுக்கலாம்" என்று விற்ற வீட்டு யூ.பி.எஸ்.

வீட்டு யூ.பி.எஸ். வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள். 900 வி.ஏ. இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி. "900 வாட் இழுக்கும், முழு வீட்டுக்கும் நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜும் போடலாம்" என்று சொல்லித்தான் ஒரு வீட்டுக்கு விற்றிருக்கிறார்கள். பேட்டரி புதுசு, பழுதும் இல்லை. இரண்டே கால் மணி நேரத்தில் வீடே இருண்டுவிட்டது.

கடைக்காரர் போட்ட கணக்கு இதுதான். நாலு மின்விசிறி 300 வாட், நாலு எல்.இ.டி. டியூப் 80, டிவி 60, வைஃபை பெட்டி 10, ஆக 450 வாட். 150 ஏ.எச்.-ஐ 12-ஆல் பெருக்கினால் 1800. அதை 450-ஆல் வகுத்தால் 4 மணி நேரம். காகிதத்தில் சரி.

ஆனால் பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போதே ஐந்தில் ஒரு பங்கு போல வீணாகிவிடும். அதனால் 450 வாட்டுக்கு பேட்டரியிலிருந்து சுமார் 47 ஆம்பியர் போகும். 150 ஏ.எச். என்பதோ, லேபிளில் சி20 என்று இருந்தால், 7.5 ஆம்பியராக 20 மணி நேரம் இறக்கும்போது கிடைக்கும் அளவு. வேகமாக இறக்கினால் அவ்வளவு தராது. 47 ஆம்பியரில் 105 ஏ.எச். கிடைத்தாலே பெரிது. 105-ஐ 47-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த இரண்டே கால் மணி வந்துவிடும். பேட்டரி பழசாகப் பழசாக இதுவும் குறையும்.

ஃப்ரிட்ஜ் விஷயம்தான் அப்பட்டமான ஏமாற்று. பொருத்திய அன்று மெயினை அணைத்து, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, உள்ளே விளக்கு எரிவதைக் காட்டியிருக்கிறார்கள். அப்போது கம்ப்ரசர் ஓடவே இல்லை! சாதாரண கம்ப்ரசர் ஓடும்போது 150 வாட்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 900 வி.ஏ. என்பதும் 900 வாட் அல்ல, பெரும்பாலும் 700 சொச்சம்தான். ஏற்கெனவே 450 வாட் ஓடிக்கொண்டிருக்க, கம்ப்ரசர் கிளம்பியதும் ஓவர்லோட் ஆகி மொத்தமும் நின்றுவிடும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வைத்த ஃப்ரிட்ஜ் மெதுவாகக் கிளம்பும், அது வேறு கதை. மோட்டார், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கீசர் எதையும் இந்த லைனில் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது வாட் எவ்வளவு, பேட்டரியின் ஏ.எச். 10 மணி நேரத்தில் இறக்கும்போது கிடைக்கும் சி10 அளவா, சி20 அளவா, இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்கு வாரண்டி கிடையாது. சோதிப்பதானால், பேட்டரி முழுக்க சார்ஜ் ஆனபிறகு உங்கள் வழக்கமான விசிறி, விளக்குகளைப் போட்டு, மெயினை அணைத்து நேரத்தைக் குறியுங்கள். ஃப்ரிட்ஜைச் சோதிப்பதென்றால் கம்ப்ரசர் உறுமும் சத்தம் கேட்கும்வரை காத்திருங்கள்.

நாலு மணி நேரம் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டாவது பேட்டரிக்கு ஓடவேண்டாம். நாலு விசிறியையும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால் மொத்தச் சுமை 270 வாட்டுக்கு இறங்கும், இதே பேட்டரியே கிட்டத்தட்ட நாலு மணி நேரம் தரும்.