வட்டி வினாவை எப்படி எழுதுவது: சரி–தவறா, விடைத்தேர்வா, கடன் அட்டையா?

சுய உதவிக் குழுப் பெண்கள் இருபது, இருபத்தைந்து பேர் கூடும் பயிலரங்கில் வட்டி, சேமிப்பு, கடன் பற்றி வினா வைப்பவர்களிடம் பொதுவாக மூன்று வடிவங்கள் புழங்குகின்றன. ஒரு வாக்கியத்தைச் சொல்லி சரியா தவறா என்று கேட்பது ஒன்று. மூன்று நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இன்னொன்று. இரண்டு கடன்களின் விவரத்தை அட்டையில் எழுதிக் கொடுத்து எதை வாங்குவீர்கள் என்று கேட்பது மூன்றாவது. எது நல்லது என்று பொதுவாகப் பேசுவதைவிட, ஒரே விஷயத்தை மூன்று வடிவத்திலும் எழுதிப் பார்க்கலாம். கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் போடும் பிளாட் வட்டிக்கும், மீதி அசலுக்கு மட்டும் போடும் வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்வோம். பலர் பணத்தை விடும் இடம் அதுதான்.

முதலில் சரி–தவறு:

"வட்டி விகிதம் குறைவாக இருக்கும் கடன்தான் எப்போதும் லாபம்."

எழுத இரண்டு நிமிடம், கேட்க அரை நிமிடம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கையைத் தூக்கிப் பதில் சொல்லலாம். ஆனால் ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னாலும் பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதைவிடப் பெரிய கோளாறு 'எப்போதும்' என்ற சொல்லில் இருக்கிறது. அதைப் பார்த்ததுமே விவரமானவர்கள் 'தவறு' என்பார்கள், வட்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் பாதி உண்மையாகிவிடும், பிறகு யார் பதிலும் தப்பில்லை. கூட்டத்தைப் பேச வைக்க முதல் ஐந்து நிமிடத்துக்கு இந்த வடிவம் போதும். யாருக்கு என்ன புரிந்திருக்கிறது என்பதை இதை வைத்து அளக்க முடியாது.

அடுத்தது விடைத்தேர்வு:

"12,000 ரூபாய் கடன். மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டுகிறீர்கள். மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. 12 மாதத்தில் மொத்த வட்டி எவ்வளவு? (அ) 2,160 (ஆ) 180 (இ) 1,170 (ஈ) தெரியாது"

விடை 1,170. முதல் மாதம் 12,000-க்கு வட்டி, அடுத்த மாதம் 11,000-க்கு, இப்படிக் கடைசி மாதம் 1,000 வரை மீதி அசலைக் கூட்டினால் 78,000 வரும். அதில் ஒன்றரை சதவீதம் 1,170.

இந்த வடிவத்தின் பலமெல்லாம் தவறான விடைகளில்தான் இருக்கிறது. 2,160 என்பவர் வருஷம் முழுக்க 12,000-க்கும் வட்டி ஓடுவதாக நினைக்கிறார். 180 என்பவர் முதல் மாதத்தோடு நின்றுவிட்டார். இரண்டும் வெவ்வேறு பிழை, வெவ்வேறு விளக்கம் வேண்டும். 1,500, 1,700 என்று வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் இந்தத் தகவல் கிடைக்காது. 'தெரியாது' என்பதைக் கட்டாயம் ஒரு விடையாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தெரியாதவர்களும் எதையோ தொட்டு நம் கணக்கைக் குழப்புவார்கள்.

குறை என்னவென்றால், கையில் பேனா இல்லாதவருக்கும் கூட்டல் தடுமாறுபவருக்கும் இது வட்டி வினாவாக இருக்காது, கணக்குப் பரீட்சையாகிவிடும். விகிதத்தை 'ஆண்டுக்கு 18 சதவீதம்' என்று எழுதினால் இன்னும் மோசம். நம் ஊர்ப் பேச்சில் அது 'ஒன்றரை வட்டி'. மாத வட்டியை ஆண்டு வட்டியாக மாற்றத் தெரியுமா என்று பார்க்க ஆசை இருந்தால் அதைத் தனி வினாவாக வையுங்கள். ஒரு வினாவில் ஒரு பொறி மட்டுமே இருக்கட்டும்.

மூன்றாவது கடன் அட்டை:

"கடன் அ: 12,000 ரூபாய், 12 மாதம். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, கடைசி மாதம் வரை முழு 12,000-க்கும். மாதத் தவணை 1,120.
கடன் ஆ: 12,000 ரூபாய், 12 மாதம். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி, மீதி அசலுக்கு மட்டும். மாதம் 1,000 அசலும் அந்த மாத வட்டியும். முதல் தவணை 1,180.
எதில் மொத்தச் செலவு குறைவு? ஏன்?"

கடன் அ-வில் வட்டி 1,440. கடன் ஆ-வில் 1,170. விகிதம் அதிகமாகத் தெரிவதுதான் 270 ரூபாய் மலிவு. கடன் அ-வை மீதி அசல் முறையில் சொன்னால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம் வரும்.

இங்கே தவறாகத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள் உண்டு. சிலர் 'ஒரு வட்டிதானே' என்று அ-வை எடுப்பார்கள். சிலர் வட்டியையே பார்க்காமல் முதல் தவணையைப் பார்ப்பார்கள். முதல் நான்கு மாதம் ஆ-வின் தவணைதான் அதிகம், ஐந்தாம் மாதம் இரண்டும் 1,120, அதற்குப் பிறகே ஆ இறங்குகிறது. கையில் காசு புரளாத வீட்டில் அந்த நான்கு மாதம் உண்மையான கவலை, அதைத் தப்பு என்று ஒதுக்க முடியாது. அதனால்தான் 'ஏன்?' என்ற கேள்வியை விடவே கூடாது. யோசனை ஓடாமல் நின்றால் ஆ-வின் கடைசித் தவணை 1,015 என்று மட்டும் சொல்லுங்கள். முதலும் கடைசியும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரித் தவணை 1,097.50 என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

அட்டையில் வங்கி, நிதி நிறுவனம், சங்கம் என்று எதையும் குறிப்பிடக் கூடாது. பெயரைப் பார்த்து நம்பிக்கையில் தேர்ந்தெடுத்தால் வினா வீண். பதிலையும் எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டை தூக்கிக் காட்டட்டும். இல்லையென்றால் குழுத் தலைவி சொன்னதே அத்தனை பேர் பதிலாகவும் இருக்கும். ஒரு அட்டைக்குப் பத்து நிமிடம் போய்விடும் என்பதால் ஒரு மணி நேரப் பயிலரங்கில் இரண்டுக்கு மேல் வைக்க முடியாது.

சேமிப்புக்கு வரும்போது விடைத்தேர்வுதான் முந்துகிறது. "மாதம் 1,000 வீதம் ஓராண்டு ஆர்.டி., ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி, காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும். முடிவில் வட்டி சுமாராக எவ்வளவு? 720, 395, 60, தெரியாது." 12,000-க்கு 6 சதவீதம் 720 என்றே பலரும் சொல்வார்கள். விடை சுமார் 395. கடைசியாகக் கட்டிய ஆயிரம் ஒரு மாதம்தானே தூங்கியது! இதைக் கடன் வினாவுக்குப் பின்னால் வைத்தால், இது அதே 78,000-தான், இறங்குவதற்குப் பதில் ஏறுகிறது என்று கூட்டத்திலேயே ஒருவர் சொல்லிவிடுவார்.

நேரம் மிஞ்சினால் கடன் அட்டையையே மறுபடி கொடுத்து, கடன் ஆ-வில் ஒரு வரி கூட்டுங்கள்: "செயலாக்கக் கட்டணம் 300 ரூபாய்." ஆ-வின் செலவு 1,470 ஆகி, அ-வைவிட 30 ரூபாய் கூடிவிடும், விடையும் தலைகீழாகும். முதல் சுற்றிலேயே இந்த வரியைச் சேர்த்தால் யார் எதில் தடுக்கினார்கள் என்று தெரியாது. இந்த இரண்டாம் சுற்றுக்கு, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன்களுக்குத் தர வேண்டிய முக்கிய விவர அறிக்கையின் நகலையே, பெயர்களை மறைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வதும் ஒரு வினாதான்.