பவுச்சுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் படம் மங்குகிறதே?

போனுக்கு நீர் புகாத பவுச் வாங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கடலூரில் வீடு என்பதால் வெள்ளிக் கடற்கரைக்கு மாதம் இரண்டு முறையாவது போய்விடுவேன். அக்கா புதுச்சேரியில் இருக்கிறாள், பிள்ளைகளின் விடுமுறை என்றால் அங்கே நீச்சல் குளம். வாங்கும்போது தண்ணீர் உள்ளே போய்விடுமோ என்பது ஒன்றுதான் என் பயம். உண்மையில் அதிகம் படுத்தியது அதுவல்ல, படத்தின் தெளிவு.

முதல் பொங்கல் விடுமுறையில் குளத்தில் எடுத்த நாற்பது படங்களில் முப்பது படங்கள் பால் ஊற்றியதுபோல் வந்தன. "மாமா, எல்லாப் படத்திலும் பனி பெய்கிறதே!" என்றான் அக்கா மகன். பவுச்சைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில், சரியாக கேமரா இருக்கும் இடத்தில், ஊசிமுனை அளவுத் துளிகள் படர்ந்திருந்தன. கசிவு என்று நினைத்துப் பதறிப்போனேன். கசிந்திருந்தால் தண்ணீர் அடியில் ஓடித் தேங்கியிருக்கும். இது ஆவி. நீந்திவிட்டு ஈரக் கையோடு பவுச்சைத் திறந்து போனைப் போட்டிருக்கிறேன். வெயிலில் போன் சூடானதும் அந்த ஈரம் ஆவியாகி, குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் பிளாஸ்டிக்கில் வியர்த்துவிட்டது.

அதிலிருந்து பவுச்சைக் குளக்கரையில் மூடுவதே இல்லை. அறையில் ஏசி ஓடும்போது, கையை நன்றாகத் துடைத்துவிட்டு மூடுகிறேன். செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை போனுக்குப் பின்னால், கேமராவை மறைக்காமல் வைக்கிறேன். உள்ளே இருக்கும் காற்றையும் கையால் அழுத்தி வெளியேற்றிவிடுகிறேன். பிளாஸ்டிக் கேமராவோடு ஒட்டி நிற்பதால் பிரதிபலிப்பும் குறைகிறது. இதில் ஓர் இழப்பு உண்டு. காற்று இல்லாத பவுச் மிதக்காது. இருநூறு கிராம் போன் மிதக்க ஏறக்குறைய அரை டம்ளர் காற்றாவது உள்ளே வேண்டும். குளத்தில் மூழ்கினால் எடுத்துவிடலாம் என்பதால் அங்கே தெளிவைத் தேர்ந்தெடுக்கிறேன். கடலில் காற்றை விட்டுவைக்கிறேன், கயிற்றையும் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்கிறேன்.

தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. விரலைத் திரை உணர்வது மின்னேற்றத்தால்தான். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அதற்கு விரல் எது, தண்ணீர் எது என்று தெரியாது, சில நேரம் தானாகவே எதையாவது திறந்துவிடும். கேமராவைத் திறந்துவைத்துவிட்டு இறங்கி, ஒலி கூட்டும் பொத்தானை அழுத்திப் படம் எடுப்பதுதான் வழி. என் போனில் அமைப்பிலேயே அதை மாற்றிக்கொள்ள முடிந்தது. வீடியோ என்றால் கரையிலேயே பதிவைத் தொடங்கிவிடுகிறேன். பிளாஷை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த ஒளி பிளாஸ்டிக்கில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுத்துவிடும்.

வெள்ளிக் கடற்கரையில் தண்ணீருக்கு அடியில் படம் எடுக்க ஆசைப்பட வேண்டாம். அலை மணலைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் பழுப்பு நிறம் தவிர எதுவும் விழாது. முழங்கால் ஆழத்தில் நின்று, அலை உடையும் உயரத்தில் போனைப் பிடித்தால்தான் அங்கே நல்ல படம் கிடைக்கிறது. அதில் வரும் தொல்லை, கேமராவுக்கு முன்னால் உருண்டு நிற்கும் துளி. துணியால் துடைத்தால் மணல் கீறும். பவுச்சை ஒருமுறை முழுதாக முக்கித் தூக்கினால் தண்ணீர் மெல்லிய படலமாக வழியும். அது துளிகளாகத் திரள்வதற்குள், ஓரிரு நொடியில், படத்தை எடுத்துவிட வேண்டும். பலமுறை தவறவிட்ட பிறகே கை பழகியது.

கசிவும் ஒருமுறை நடந்தது, தவறு என்னுடையதுதான். கடற்கரையில் ஓர் அழைப்பு வந்தது. உறைக்குள் வைத்தே பேசியிருக்கலாம், குரல் சற்று அமுங்கிக் கேட்டாலும் பேச முடியும். நானோ மணல் கையோடு மேல் கவ்வியைத் திறந்து, பேசிவிட்டு மூடினேன். மறுபடி நனைந்த பத்தாவது நிமிடத்தில், போனுக்குக் கீழே மடித்து வைத்திருந்த டிஷ்யூ காகிதத்தின் இடது மூலை கருத்திருந்தது. கரையேறி உடனே போனை வெளியே எடுத்தேன், தப்பித்தது. கவ்வியின் பள்ளத்தில் ஒரே ஒரு மணல். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தள்ளியதும் மறுபடி இறுக்கமாக மூடியது.

ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் இரவு, போனுக்குப் பதிலாக டிஷ்யூவையும் நான்கைந்து ஸ்பூன்களையும் உள்ளே வைத்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கவிடுகிறேன். எந்த மூலை நனைந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு. கடலிலிருந்து வந்ததும், பவுச்சைத் திறக்காமலேயே நல்ல தண்ணீரில் அலசி உலர்த்திய பிறகுதான் போனை எடுக்கிறேன். உப்பு காய்ந்துவிட்டால், துடைக்கும்போது அதுவே பிளாஸ்டிக்கைக் கீறுகிறது.

முதல் பவுச் ஒன்றரை ஆண்டு உழைத்தது. கசியவில்லை. கேமரா இடத்தில் கீறல் சேர்ந்து, வெயிலைப் பார்த்து எடுக்கும் படங்களில் ஒளி சிதறத் தொடங்கியதால் மாற்றினேன். வீட்டுச் சாவியும் பஸ்ஸுக்கான பணமும் இப்போது அதில்தான் கடலுக்கு வருகின்றன.