டார்கெட் சிபிஏ: முதல் வார ரிப்போர்ட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள் (பல வருடப் பயன்பாட்டு அனுபவம்)

கூகுள் ஆட்ஸில் ஏலத் தொகையை நாமே போடும் மேனுவல் பிட்டிங்கை விட்டு, ஒரு லீடுக்கு, அதாவது விசாரித்து வரும் ஒருவருக்கு, ஆகவேண்டிய செலவை மட்டும் சொல்லி ஏலத்தைக் கூகுளிடமே விடும் டார்கெட் சிபிஏவுக்கு மாற்றினால், அந்த வாரக் கடைசியில் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு போன் வரும். "லீடுக்கு ஆகும் செலவு எகிறிடுச்சு, பழையபடியே மாத்திடுங்க." பல வருடங்களாக லீடு எடுக்கும் கணக்குகளைப் பார்த்துவருகிறேன், இது பெரும்பாலும் மாறுவதில்லை. அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார், அதில் இருக்கும் எண்ணும் சரியான எண்தான். ஆனால் அந்த எண் இன்னும் முழுதாகச் சேரவில்லை, சிக்கல் அங்கேதான்.

கூகுள் ஆட்ஸில் வழக்கமான Conversions நெடுவரிசை ஒரு கன்வெர்ஷனை, அதாவது நாம் எண்ணும் லீடை, அது நடந்த நாளில் எழுதுவதில்லை, விளம்பரத்தைக் கிளிக் செய்த நாளில் எழுதுகிறது. திங்கட்கிழமை கிளிக் செய்தவர் ஞாயிற்றுக்கிழமை ஃபார்ம் நிரப்பினால் அது திங்கள் கணக்கில் போய்ச் சேரும். செலவு மட்டும் உடனே ஏறிவிடும். அதனால் எந்தக் கணக்கிலும் கடைசிச் சில நாட்கள் உண்மையைவிட மோசமாகத்தான் தெரியும். வேறு நேரத்தில் இது பெரிய விஷயமில்லை, மாத ரிப்போர்ட்டில் கரைந்துவிடும். பிட்டிங் மாற்றிய முதல் வாரத்திலோ நீங்கள் பார்க்கும் எல்லா நாட்களுமே கடைசி நாட்கள், ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய வாரமோ எல்லா லீடும் வந்து முடிந்த வாரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு மாடியில் சோலார் பேனல் அமைத்துத் தரும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் கிளிக் செய்வார்கள், கரண்ட் பில்லை எடுத்துப் பார்ப்பார்கள், வீட்டில் பேசுவார்கள், அப்புறம்தான் ஃபார்ம் நிரப்புவார்கள். ஒரு நாள் செலவு 2,000 ரூபாய், அதிலிருந்து கடைசியில் வரப்போவது 4 லீடு. 2 அன்றைக்கே வரும், 1 இரண்டு நாள் கழித்து வரும், இன்னொன்று ஆறு நாள் கழித்து வரும். எல்லாம் வந்து சேர்ந்தால் லீடுக்கு 500 ரூபாய். மேனுவலில் இருந்தபோது இவர்களுக்கு 600 ஆனது, ஆக மாற்றியது லாபம்தான்.

இப்போது திங்கட்கிழமை மாற்றி வெள்ளி இரவு ரிப்போர்ட்டைத் திறக்கிறோம். செலவு 10,000. திங்கள், செவ்வாய், புதன் மூன்றுக்கும் தலா 3 லீடு, வியாழனுக்கும் வெள்ளிக்கும் தலா 2, மொத்தம் 13. வகுத்தால் ஏறக்குறைய 770 ரூபாய். 600 ஆக இருந்தது 770 ஆகிவிட்டது என்று யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்த நாட்களுக்குரிய மீதி 7 லீடு அடுத்த வாரம் வந்து சேரும்போது அதே ஐந்து நாட்கள் 500க்கு இறங்கியிருக்கும், ஆனால் அதற்குள் யாரோ ஒருவர் டார்கெட்டை 400க்குக் குறைத்திருப்பார்.

குறைத்தால் என்ன ஆகும்? சிஸ்டம் ஏலத்தில் குறைவாகக் கேட்கும், முன்பு ஜெயித்த இடங்கள் கைவிட்டுப் போகும், கிளிக் குறையும், லீடு குறையும், அது கற்றுக்கொள்ளத் தேவையான தகவலும் குறையும். Bid strategy status மறுபடி Learning என்று மாறலாம், அதன்மேல் மவுஸை வைத்தால் காரணமும் காட்டும். அடுத்த வாரம் லீடு எண்ணிக்கை விழுந்ததைப் பார்த்து டார்கெட்டை ஏற்றுவார்கள், இப்படியே ஒரு மாதம் ஓடிவிடும். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது என்னவென்றால், இந்தத் தாமதத்தைக் கூகுளின் பிட்டிங் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளாதது ரிப்போர்ட்டைப் பார்க்கும் நாம்தான்.

தப்பாக நல்லதாகத் தெரிவதும் உண்டு. கன்வெர்ஷனை அது நடந்த நாளிலேயே எழுதும் Conversions (by conv. time) என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு, மேனுவல் காலத்துக் கிளிக்குகளிலிருந்து இந்த வாரம் வந்த லீடுகளும் புதிய வாரத்தின் பேரில் விழும். அதைப் பார்த்து பட்ஜெட்டை ஒரேயடியாக இரட்டிப்பாக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தாமதத்தை ஒதுக்கிவிட்டாலும் ஐந்து நாள் போதாது. சராசரியாக 20 லீடு வரவேண்டிய இடத்தில், எதுவும் மாறாமலே, தற்செயலாக 15 வரும், 25 வரும். அதற்கே லீடுக்கு ஆகும் செலவு 667க்கும் 400க்கும் இடையில் ஆடும். 50 லீடுக்கு மேல் போனால்தான் இந்த ஆட்டம் ஓரளவு அடங்குகிறது.

சரி, எவ்வளவு நாள் காத்திருப்பது? புது இலக்குக்குப் பழகிக்கொள்ள 50 கன்வெர்ஷன் வரை, அல்லது மூன்று கன்வெர்ஷன் சுற்று வரை ஆகலாம் என்கிறது கூகுள். சுற்று என்பது கிளிக்கிலிருந்து லீடு வர ஆகும் காலம், அது கணக்குக்குக் கணக்கு மாறும். மாற்றுவதற்கு முன்பே கேம்பைன் டேபிளில் Segment, அதில் Conversions, அதில் Days to conversion என்று போய், பழைய ஒரு மாதத்தைப் பாருங்கள். லீடுகளில் பத்துக்கு ஒன்பது எத்தனை நாளுக்குள் வந்துவிடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், இப்போதுதான் முடிந்த மாதம் வேண்டாம், அது இன்னும் சேர்ந்து முடிந்திருக்காது.

நமது சோலார் கணக்கில் நாளுக்கு 4 லீடு என்றால் 50 வர இரண்டு வாரம் போல ஆகும், ஆறு நாள் சுற்று மூன்று என்றால் 18 நாள். நான் இரண்டில் பெரியதை எடுத்து முதல் மூன்று வாரத்தை அப்படியே ஒதுக்கிவிடுவேன். அடுத்த இரண்டு வாரத்துக் கிளிக்குகளை மட்டும் மதிப்பிடுவேன், அதில் 56 லீடு வரவேண்டும். அந்த லீடுகள் எல்லாம் வந்து சேர இன்னொரு வாரம். ஆக ஆறு வாரம். இதை மாற்றுவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் தேதி போட்டுச் சொல்லிவிட வேண்டும், போன் வந்த பிறகு சொன்னால் சமாளிப்பு போலத்தான் கேட்கும். Learning என்ற வார்த்தை மறைந்துவிட்டதே என்று அன்றைக்கே கணக்குப் பார்க்கவும் கூடாது. அது சிஸ்டத்தின் நிலை, லீடுகள் வந்து சேர்ந்துவிட்டதற்கான அடையாளம் இல்லை.

மெட்டா விளம்பரங்களில் கணக்கு வேறு, அங்கே ஒரு ஆட் செட்டுக்கு Learning முடிய, கடைசிப் பெரிய மாற்றத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் சுமார் 50 நிகழ்வு வேண்டும்.

காத்திருப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டிருப்பது இல்லை. ஒரு நாள் 3,800 செலவானால் பதற வேண்டாம், கூகுள் ஒரு நாளில் தினசரி பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை செலவழிக்கலாம், மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. ஆனால் இரண்டு நாளாகக் கிளிக் வருகிறது, லீடு பூஜ்யம் என்றால் ஃபார்ம் நிரப்பியதும் வரும் நன்றிப் பக்கத்தில் லீடை எண்ணும் டேக் இருக்கிறதா என்று உடனே பாருங்கள், ஃபார்மை நீங்களே நிரப்பிப் பாருங்கள். ஒரே லீடு இரண்டு முறை பதிவானாலும், போலி எண்கள் குவிந்தாலும் அன்றைக்கே கை வைக்க வேண்டும், ஏனென்றால் சிஸ்டம் அதையும் பாடமாக எடுத்துக்கொள்ளும். டேக் உடைந்து கிடந்த நாட்களை Data exclusions மூலம் பிட்டிங்கின் பார்வையிலிருந்து விலக்கலாம். விலக்கும்போது உடைந்த நாட்களோடு, அதற்கு முந்தைய சில நாட்களையும் சேர்க்க வேண்டியிருக்கும், அந்தக் கிளிக்குகளின் லீடுகளும் பதிவாகாமல் போயிருக்கும் அல்லவா?

வாரத்துக்கு மூன்று நான்கு லீடு மட்டும் வரும் கணக்குகளுக்கு இந்த ஆறு வாரக் கணக்கு பொருந்தாது. 50 லீடு வரவே மூன்று நான்கு மாதம் ஆகும், அதற்குள் சீசனும் விலையும் மாறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சிதறிக்கிடக்கும் கேம்பைன்களை ஒன்றாகச் சேர்ப்பேன், அல்லது வாட்ஸ்அப் பட்டனைத் தட்டுவது போன்ற முந்தைய படியை கன்வெர்ஷனாக வைப்பேன். அதுவும் அந்தத் தட்டல்கள் நிஜ விசாரணையாக மாறுகிறதா என்று வாடிக்கையாளரின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான். மாறவில்லை என்றால் மேனுவலிலேயே விட்டுவிடுவேன்.