ராத்திரி எடுக்கும் சி.டி. ஸ்கேனை யார் படிப்பது: பெரம்பூர் டாக்டரா, பெங்களூரு மையமா?

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இரவுப் பணி பார்க்கும் சி.டி. டெக்னீஷியன் நான். பதினொரு மணிக்கு மேல் எங்களிடம் வருவது பெரும்பாலும் தலைக்காயம்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டியிலிருந்து விழுந்தவர்கள், காசிமேட்டில் படகில் வழுக்கியவர்கள், மாடிப்படியில் கால் தவறிய பெரியவர்கள். சுற்றுவட்டாரத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் சி.டி. மெஷின் இருக்காது. ஆம்புலன்ஸில் இங்கே அனுப்பி, படம் எடுத்ததும் திரும்பக் கூட்டிப்போய்விடுவார்கள். அந்த நேரத்தில் படத்தைப் படித்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட் சென்டரில் இருப்பதில்லை. படத்தை யாரிடம் அனுப்புவது என்பதற்கு எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. இரண்டோடும் வேலை செய்திருக்கிறேன்.

முதல் வழி, பெரம்பூரில் வீட்டில் இருக்கும் எங்கள் டாக்டர். கூப்பிட்டால் எழுந்து பார்ப்பார். ஆனால் மானிட்டரை செல்போனில் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவதுதான் வழக்கமாக இருந்தது. அதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. சி.டி. படத்தில் மண்டையோடும் வெள்ளை, புதிதாகக் கசிந்த ரத்தமும் வெள்ளை. கறுப்பிலிருந்து வெள்ளை வரை திரையில் காட்டும் அடர்த்தி வரம்பை 'விண்டோ' என்போம்; மூளையைப் பார்க்க வழக்கமாக வைக்கும் விண்டோவின் அகலம் சுமார் 80. அதில் மண்டையோட்டை ஒட்டி மெல்லிய பட்டையாகத் தேங்கும் ரத்தம் எலும்போடு எலும்பாகக் கலந்துவிடும். அகலத்தை 200 பக்கம் கூட்டினால்தான் இரண்டும் பிரிந்து தெரியும். போட்டோவில் அப்படிக் கூட்ட முடியாது. நான் எந்த விண்டோவில் நிறுத்திப் படம் பிடித்தேனோ அதுதான் அவருக்கு. அவரிடம் லேப்டாப்பில் முழுப் படத்தையும் திறக்கும் வசதி இருந்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். ஆகவே வீட்டு டாக்டரை வைத்துக்கொள்ளும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, அவர் எதில் பார்க்கிறார் என்பதை.

இரண்டாவது வழி, இன்டர்நெட்டில் அனுப்பும் படத்தைத் தூரத்திலிருந்தே படித்து ரிப்போர்ட் தரும் வெளியூர் மையம். பெங்களூரில் டாக்டர் அர்ஜுன் கல்யாண்பூர் 2002-ல் தொடங்கிய டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ் போன்றவை வளர்ந்ததற்கு நேர வித்தியாசம் பெரிய காரணம்: அமெரிக்காவில் ராத்திரி, இங்கே பகல். நம் படத்துக்கு அந்த லாபம் கிடையாது. நமக்கு ராத்திரி என்றால் பெங்களூருக்கும் ராத்திரிதான். நமக்குக் கிடைப்பது, ஷிஃப்ட் போட்டு விழித்திருக்கும் ஒருவர். அவர் அந்த இரவில் எத்தனை சென்டர்களின் படங்களைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே அந்த விழிப்புக்கு மதிப்பு.

படம் போய்ச் சேரும் கணக்கு எளிது. ஸ்லைஸ் எனப்படும் குறுக்குவெட்டுப் படம் ஒன்று சுமார் அரை எம்.பி.; 300 ஸ்லைஸ் என்றால் 150 எம்.பி. அப்லோடு வேகம் 2 எம்.பி.பி.எஸ். இருந்தால் பத்து நிமிடம், 20 இருந்தால் ஒரு நிமிடம். இன்டர்நெட் விற்பவர் பெருமையாகச் சொல்வது டவுன்லோடு வேகத்தை. எங்கள் தெருவில் பள்ளம் தோண்டி கேபிள் அறுந்த நாட்களில் அந்த ஒரு நிமிடமும் இல்லாமல் போனது. அதனால் சிம் போட்ட டாங்கிள் ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கிறது.

படிக்கும் தரத்தில், தலைக்காயத்துக்கு நான் வெளியூர் மையத்தின் பக்கம்தான். முழுப் படம், சரியான மானிட்டர், விழித்த கண். ஆனால் அங்கே படித்தது இங்கே கட்டில் அருகில் நிற்கும் டாக்டரின் காதுக்கு வந்து சேர்வதில் அவர்கள் பலவீனம். ஒரு இரவு எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது.

62 வயதுக்காரர், தண்டையார்பேட்டை. பைக்கிலிருந்து விழுந்தவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் எடுப்பவர். சீட்டில் 'தலைக்காயம்' என்று மட்டும் இருந்தது. மாத்திரை விஷயத்தை மகள் சொல்லித்தான் நான் எழுதினேன். 1:10-க்குப் படம் எடுத்தேன், 1:20-க்குள் போய்விட்டது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்ததால் ஆம்புலன்ஸில் திரும்ப அனுப்பிவிட்டோம். மையத்து டாக்டர் பிடித்துவிட்டார்: இடது பக்கம் மண்டையோட்டை ஒட்டி 6 மில்லிமீட்டர் ரத்தக்கட்டு, மூளையின் நடுக்கோடு கிட்டத்தட்ட நகரவில்லை. 1:50-க்கு 'அவசரம்' என்று சிவப்பு அடையாளத்தோடு ரிப்போர்ட் ஏறியது.

மையத்தின் கணக்கில் வேலை முடிந்தது. அவர்கள் கூப்பிட்ட நம்பர், சீட்டில் அச்சடித்திருந்த நர்சிங் ஹோமின் ரிசப்ஷன் லேண்ட்லைன். ராத்திரி அங்கே ஆளில்லை. பிறகு வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். நான் அடுத்த நோயாளியோடு மெஷின் அறைக்குள். ஐந்து மணிக்கு அவருக்கு மயக்கமாக இருக்கிறது என்று மகள் நர்ஸை எழுப்பினார். ரிப்போர்ட் திறக்கப்பட்டது 5:40-க்கு. மறுபடி எடுத்த படத்தில் 13 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் அல்லது 5 மில்லிமீட்டருக்கு மேல் நடுக்கோடு நகர்வு என்றால் அறுவை சிகிச்சை என்பது நியூரோ சர்ஜன்கள் கடைப்பிடிக்கும் அளவுகோல். ஆபரேஷன் நடந்தது, பிழைத்தார். ஆனால் 6 மில்லிமீட்டராக இருந்தபோதே சொல்லியிருந்தால் மாத்திரைகளை நிறுத்துவதா என்று முடிவெடுத்திருப்பார்கள், மணிக்கொரு தரம் நினைவைச் சோதித்திருப்பார்கள், நியூரோ சர்ஜன் இருக்கும் இடத்துக்கு அப்போதே மாற்றியிருப்பார்கள். ஏறக்குறைய நாலு மணி நேரம் வீணானது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பெரம்பூர் டாக்டராக இருந்திருந்தால்? வாட்ஸாப் போட்டோவில் அந்த 6 மில்லிமீட்டர் தப்பியிருக்கவும் கூடும். கண்ணில் பட்டிருந்தால், டியூட்டி டாக்டரின் சொந்த நம்பரையே கூப்பிட்டு, "தம்பி, இவரைத் தூங்க விடாதே, எழுப்பி எழுப்பிப் பாரு" என்று சொல்லியிருப்பார். இந்த வட்டாரத்து டாக்டர்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும்.

குழுவில் போடும் செய்தி, ரிப்போர்ட்டில் சிவப்பு அடையாளம், போன் ஆகிய மூன்றில், எதிர்முனையில் கேட்டார்களா என்று உடனே தெரிவது போனில் மட்டும்தான். இரண்டு நீல டிக் விழுந்தாலும் செய்தி திறக்கப்பட்டது என்றுதான் அர்த்தம். போனிலும் ஒரு சிக்கல்: மையத்திலிருந்து பேசுபவருக்குத் தமிழ் வராது, நம் நர்ஸுக்கு அவருடைய வேகமான ஆங்கிலம் பிடிபடாது. அதனால் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும்: நோயாளியின் பெயர், எந்தப் பக்கம், என்ன, எவ்வளவு. திருப்பிச் சொன்னவர் பெயரும் நேரமும் ரிப்போர்ட்டிலேயே ஏற வேண்டும். பேரம் பேசும்போது 'எத்தனை நிமிடத்தில் ரிப்போர்ட்' என்று மட்டும் கேட்கிறோம். டாக்டர் காதுக்கு எத்தனை நிமிடத்தில் என்று கேட்டுப் பாருங்கள், பல மையங்கள் தடுமாறும்.

எல்லாவற்றுக்கும் வெளியூர் மையம் சரிவராது. ஏற்கெனவே ரத்தக்கட்டு இருந்து மறுபடி எடுக்கும் படத்துக்குப் பெரம்பூர் டாக்டர்தான். பழைய படம் எங்கள் சர்வரில் இருக்கிறது, மையத்தில் இல்லை. பழையதை வைத்துப் பார்க்காமல் 'கூடியிருக்கிறதா' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அல்ட்ராசவுண்டுக்கு டாக்டரே நேரில் வர வேண்டும்.

இப்போது எங்கள் சீட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: இன்றிரவு டியூட்டி டாக்டரின் செல்போன். நோயாளியை டேபிளில் ஏற்றும் முன் அந்த நம்பருக்கு நானே கூப்பிட்டு, எடுக்கிறார்களா என்று பார்ப்பேன். எடுக்காவிட்டால் ஆம்புலன்ஸ் டிரைவரிடம், "அண்ணே, டாக்டர் லைன்ல வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க" என்று சொல்லிவிடுவேன். சுயநினைவு குறைந்தவரென்றால் நிறுத்திவைப்பதில்லை. அவரை அனுப்பிவிட்டு, கூடப் போகும் உறவினரின் நம்பரை வாங்கிக்கொள்கிறேன். பத்து நிமிடத்துக்குள் டாக்டர் கிடைக்காவிட்டால், மையத்திலிருந்து வரும் அடுத்த அழைப்பு அந்த நம்பருக்குத்தான் போகும்.