வெள்ளவத்தையில் வீடு பார்க்கப் போகும் முன்: "நாளைக்கு 10 மணி" என்றால் எந்த நாளை?

லீவில் கொழும்புக்கு வந்து வாடகைக்கோ வாங்கவோ தொடர்மாடி வீடு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விசயம் இது. வீட்டுக்காரர் பல வேளைகளில் வெளிநாட்டில் இருப்பார், திறப்பு இங்கே ஒரு சொந்தக்காரரிடம் இருக்கும். அவர்களை இணைப்பது ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்தான். "நாளைக்குப் 10 மணிக்குப் போய்ப் பாருங்கோ, மூன்றாம் மாடி, செக்யூரிட்டியிட்ட சொல்லியிருக்கிறன்" என்று வந்தால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

முதலில் அந்த "நாளை". ஜூலை மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து சனி இரவு 8 மணிக்கு அனுப்பினால் கொழும்பில் ஞாயிறு காலை 5.30. அனுப்பியவருக்கு நாளை என்பது ஞாயிறு, வாசிப்பவருக்குத் திங்கள். திறப்பு வைத்திருப்பவர் ஞாயிறு வந்து கேற்றடியில் நின்றுவிட்டுப் போய்விடுவார். குளிர்காலத்தில் அங்கே மணிக்கூட்டை மாற்றினால் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் பத்தரையாகிவிடும். அதனால் கிழமை, திகதி, "கொழும்பு நேரம்" மூன்றையும் எழுதிக் கேளுங்கள்.

மாடியும் அப்படித்தான். கனடாவில் நிலத்தோடு உள்ள தளமே முதலாம் மாடி. இங்கே அதற்கு மேலே உள்ளதுதான் முதலாம் மாடி. அங்கத்தைய பழக்கத்தில் அவர் சொல்லும் மூன்று, இங்கே லிப்டில் 2. பிழையான கதவைத் தட்டினால் அங்கே குடியிருப்பவர்களுக்கும் தொந்தரவு.

செக்யூரிட்டி விசயத்தில், பகலில் நிற்பவரிடம் சொன்னது அடுத்த முறைக்காரருக்குத் தெரியாமல் போவதுண்டு. வருபவரின் பெயர் அடையாள அட்டையிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ளபடி, வீட்டு இலக்கத்தோடு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

நல்ல மெசேஜ் இப்படி இருக்கும்:

"வணக்கம் தம்பி. 20ஆம் திகதி ஞாயிறு, கொழும்பு நேரம் காலை 10 மணி. காலி வீதியால வந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கை. கேற் ஒழுங்கைக்குள்ளதான், மரைன் டிரைவ் பக்கம் வாசல் இல்லை. வீடு 3/2, லிப்டில் 3ஐ அமத்துங்கோ. திறப்பு மாமியிட்ட, 9.45க்கு கேற்றடியில் நிற்பா. அவவுக்கு வாட்ஸ்அப் இல்லை, உள்ளூர் நம்பரிலிருந்து கோல் எடுங்கோ. உங்கட பெயரைச் செக்யூரிட்டி புத்தகத்தில் எழுதச் சொல்லியிருக்கிறன்."

மரைன் டிரைவ் பற்றிய வரி அவசியமானது. லொக்கேஷன் புள்ளி கட்டடத்தின் பின்பக்கம் விழுந்தால் த்ரீவீலர் உங்களைக் கடற்கரைப் பக்கத்தில் இறக்கிவிடும், நீங்கள் சுற்றி நடக்க வேண்டிவரும்.

இன்னொன்றையும் முதல் நாளே கேட்டு வையுங்கள். ஆள் இல்லாத வீட்டில் மெயின் சுவிட்சை நிறுத்தி, தண்ணீர் வால்வையும் பூட்டி வைத்திருப்பார்கள். முன்கூட்டியே திறந்து வைக்காவிட்டால் ஏசி, ஹீட்டர், பைப்பில் வரும் தண்ணீரின் வேகம் எதையும் பார்க்க முடியாது, சுவரையும் தரையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.