நாற்பது பேர், ஐந்து கயிறு: எட்டு ஸ்டேஷன் சர்க்யூட்டா, ஜோடி சர்க்யூட்டா?

மும்பையில் சயானுக்கும் தாராவிக்கும் நடுவே உள்ள ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட் எடுக்கிறேன். வகுப்பில் 40 பேர். முற்றம் 18 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் ஒரு மூலை ஆசிரியர்களின் இருசக்கர வாகனங்களுக்குப் போய்விடுகிறது. உபகரணம் என்று சொன்னால் இரண்டு மர பெஞ்சு, ஆறு கூம்பு, ஐந்து கயிற்றுத் துண்டு, மாணவர்களின் புத்தகப் பைகள், அவ்வளவுதான். தசை வலுவுக்கான பயிற்சியை இந்த நிலைமையில் மூன்று விதமாக நடத்திப் பார்த்திருக்கிறேன். வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று ஒரே பயிற்சியைச் செய்வது ஒன்று. இடத்துக்கு ஒரு பயிற்சி என எட்டு ஸ்டேஷன் அமைத்து, ஐந்து ஐந்து பேராகச் சுற்றி வருவது இன்னொன்று. நான்கே ஸ்டேஷன் வைத்து, அவற்றில் ஜோடிகளாக இயங்குவது மூன்றாவது. எதில் மாணவர் அதிகம் களைக்கிறார் என்று பார்த்து நான் இவற்றை ஒப்பிடவில்லை. நாற்பது உடல்களை ஒரே ஒரு ஆசிரியரின் இரண்டு கண்கள் பார்க்க முடியாது என்பதால், அந்தக் குறையை எந்த முறை ஈடு செய்கிறது என்பதே என் அளவுகோல்.

முதலில் நேரக் கணக்கு. பீரியட் 35 நிமிடம். மாடியிலிருந்து இறங்கி வருகைப் பதிவு முடிய 5 நிமிடம், உடலைச் சூடேற்ற 4 நிமிடம், கடைசியில் மூச்சு தணிந்து தண்ணீர் குடித்து வகுப்புக்குத் திரும்ப 4 நிமிடம் போனால், கையில் நிற்பது 22 நிமிடம். எந்த முறையானாலும் இதற்குள் அடங்க வேண்டும்.

வரிசை முறையில் நேரம் வீணாவதே இல்லை. ஆறு பயிற்சிகளை 30 வினாடி செய்து 20 வினாடி ஓய்வெடுத்து மூன்று சுற்று போனால் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொருவரும் 9 நிமிடம் வேலை செய்திருப்பார்கள். காகிதத்தில் இதுவே சிறந்தது. ஆனால் முன்வரிசை மட்டும்தான் என் பார்வைக்குள் இருக்கிறது. நான்காம் வரிசையில் தண்டால் என்ற பெயரில் இடுப்பு மட்டும் ஏறி இறங்குவதை நான் பார்ப்பதே இல்லை. இருபது தண்டால் எடுக்கக்கூடிய மாணவனும் இரண்டுகூட எடுக்க முடியாத மாணவியும் ஒரே விசிலுக்கு ஒரே வேலையைச் செய்ய வேண்டியிருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். முதலாமவனுக்கு அது பயிற்சியாகவே இராது. இரண்டாமவளுக்கு அது அவமானமாக முடியும். ஒரு புதிய அசைவை அறிமுகப்படுத்தும் நாளுக்கு மட்டும் இந்த முறையை வைத்திருக்கிறேன்.

எட்டு ஸ்டேஷன் முறைதான் பெரும்பாலோர் சர்க்யூட் என்று சொல்வது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் 1953-இல் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். அவர்கள் முறையின் உயிர்நாடி ஸ்டேஷன்களின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் உச்ச அளவில் பாதியைத் தனி அளவாகக் கொடுத்ததில் இருந்தது. இன்று நாம் ஸ்டேஷனை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த அளவை விட்டுவிட்டு, எல்லோருக்கும் 30 வினாடி என்று விசில் ஊதுகிறோம்.

முதல் ஆண்டு நானும் அப்படித்தான் ஊதினேன். எட்டு இடம், இரண்டு சுற்று, 30 வினாடி வேலை, 30 வினாடி இடமாற்றம் என்று போட்டால் 16 நிமிடம். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஐவர் ஒரு பெஞ்சை விட்டு அடுத்த கூம்புக்கு 30 வினாடியில் போய்ச் சேர்ந்து, யார் எங்கே நிற்பது என்று முடிவெடுத்துத் தயாராவதில்லை. கைக்கடிகாரத்தில் பார்த்தபோது 50 வினாடி ஆயிற்று. ஆக 16 இடமாற்றத்தோடு 21 நிமிடம் 20 வினாடி. 22 நிமிடத்தில் கஷ்டப்பட்டு அடங்கியது. எட்டு அசைவுகளையும் செய்து காட்ட 8 நிமிடம் தேவைப்பட்ட முதல் வாரங்களில் ஒரே ஒரு சுற்றுதான் முடிந்தது. அதாவது 35 நிமிட பீரியடில் ஒரு பிள்ளைக்கு 4 நிமிட வேலை. அப்போதும் நான் எந்த ஸ்டேஷனில் நிற்கிறேனோ அங்கே மட்டும் ஒழுங்காக நடந்தது. பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நான் திரும்பியவுடன், உடலைத் தரைக்கு இணையாகத் தாங்கி அசையாமல் இருக்கும் பிளாங்க் செய்தவர்கள் முழங்காலைத் தரையில் ஊன்றிவிடுவார்கள் என்பதை மாதக் கணக்கில் அறியாதிருந்தேன். இந்த முறைக்கு ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது: ஐந்து பேர் வரவில்லை என்றால் சில குழுக்களில் நான்கு பேர் இருப்பார்கள், வேறெதுவும் கெடாது.

வழக்கமாகக் கையில் கிடைக்கும் எட்டு பயிற்சிப் பட்டியலில் வேறொரு ஓட்டையும் இருக்கிறது. தண்டால், பஸ்கி, முன்னடி வைத்து இறங்குவது, பிளாங்க், வயிற்றுப் பயிற்சி, குதித்தல் எல்லாம் இருக்கும். இழுக்கும் பயிற்சி ஒன்றுகூட இராது. தொங்கக் கம்பி இல்லாத பள்ளியில் முதுகும் தோளின் பின்புறமும் ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கும். ஜன்னல் கிரில்லில் கயிறு கட்டி இழுக்கவிடும் யோசனை எனக்கும் வந்தது. பழைய கிரில் சுவரோடு பெயர்ந்து வரும் என்று தோன்றியதால் கைவிட்டேன்.

மூன்றாவது முறையில் முற்றத்தைச் சுற்றி நான்கு ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் ஐந்து ஜோடி. ஒருவர் 30 வினாடி செய்யும்போது மற்றவர் எண்ணிக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனிப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். ஆளுக்கு இரண்டு தடவை என்றால் ஒரு ஸ்டேஷனுக்கு 2 நிமிடம். அடுத்த இடத்துக்கு ஜோடியாகவே நகர்வதாலும் ஒருவர் களைப்பில்லாமல் இருப்பதாலும் இடமாற்றம் 40 வினாடியில் முடிகிறது. இரண்டு சுற்றுக்கு எட்டு இடமாற்றம், மொத்தம் அதே 21 நிமிடம் 20 வினாடி. ஒவ்வொருவருக்கும் அதே 8 நிமிட வேலை. நேரத்தில் லாபம் இல்லை. ஆனால் செய்து காட்ட வேண்டியவை நான்குதான். அத்துடன் முற்றத்தில் நாற்பது கண்களாவது எந்நேரமும் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

தண்டால் ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் எத்தனை எடுக்க முடிகிறது என்பதைக் கூட்டாளி எண்ணி நோட்டில் எழுதுகிறார். செய்பவரின் மார்புக்கு நேர் கீழே ஒரு கரும்பலகை டஸ்டரைப் படுக்கவைத்திருப்பேன். சட்டை டஸ்டரைத் தொட்டால்தான் ஒன்று. டஸ்டர் வந்த பிறகு சர்ச்சை குறைந்தது. முன்பு இருபது என்று சொன்ன ஒருவன் பதினொன்றில் நின்றுவிட்டான். 14 எடுத்தவருக்கு அளவு 7. எட்டுக்குக் கீழே எடுத்தவருக்குப் பாதி போடுவதில்லை, அசைவையே இலகுவாக்குகிறேன்: தரைக்குப் பதில் பெஞ்சு விளிம்பில் கை ஊன்றுவது, அதுவும் கடினமென்றால் சுவரில். அந்த நிலையில் பத்துக்கு மேல் வந்த பிறகு பாதி கணக்கிடுவேன். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் உச்சம் பார்த்து அளவை மாற்றுவோம். 30 வினாடி என்பது இங்கே உச்சவரம்பு மட்டுமே. ஏழு தண்டாலை 20 வினாடியில் நிதானமாக முடித்தவர் மீதியில் நிற்கலாம். நேரத்துக்குள் எத்தனை என்று போட்டி வைத்தால் உடனே பாதி ஆழத்தில் எடுக்கத் தொடங்குவார்கள் என்பதால் எண்ணிக்கையைப் பூட்டிவைத்திருக்கிறேன். கூட்டாளி கவனிக்க வேண்டிய ஒரே விஷயம் இடுப்பு தொய்கிறதா என்பது. தொய்ந்தால் அந்தத் தடவை அங்கேயே முடிந்தது.

பஸ்கி ஸ்டேஷனில் இரண்டு பெஞ்சிலுமாக ஐந்து பேர் உட்கார்ந்து எழுகிறார்கள். மார்போடு அணைத்த புத்தகப் பையே எடை. 3 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பதால் பையில் பாதிப் புத்தகத்தை எடுத்துவிடச் சொல்வேன், அதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை. கூட்டாளி பார்ப்பது குதிகால் தரையில் இருக்கிறதா, முழங்கால் உள்நோக்கி மடிகிறதா என்பதை. மராத்தி வீட்டுப் பிள்ளைகள் இதைப் பைட்டக் என்றும் தண்டாலை ஜோர் என்றும் சொல்வார்கள். ஜோடி எண்ணும் சத்தத்தில் மூன்று மொழி கேட்கும். மூன்றாவது ஸ்டேஷனில் இரு கையிலும் ஒவ்வொரு பையைத் தொங்கவிட்டு, தோள் நிமிர்ந்து பத்து மீட்டர் போய்த் திரும்புவது. இதற்கு விளக்கமே தேவையில்லை.

நான்காவதுதான் அந்தக் கயிறு. வராந்தாவில் ஐந்து சிமெண்டுத் தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தூணையும் சுற்றிக் கட்டைவிரல் தடிமனுள்ள 3 மீட்டர் கயிறு ஒன்றை மார்பு உயரத்தில் போட்டு, இரு முனையையும் இரு கையில் பிடித்து, உடலை விறைப்பாக வைத்துப் பின்னால் சாய்ந்து, முழங்கையைப் பின்னுக்கு இழுத்து மார்பைத் தூணை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பாதம் தூணுக்கு அருகில் போகப் போகக் கடினம் கூடும், தள்ளி நின்றால் குறையும். எனவே அவரவர் நிற்கும் இடத்தைத் தரையில் சாக்கால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். கை வழுக்காதிருக்க இரு முனையிலும் முடிச்சு வேண்டும். ஒவ்வொரு பீரியடுக்கும் முன் என் எடையை நானே அதில் போட்டு இழுத்துப் பார்க்கிறேன். கயிறு தூணின் ஓரத்தில் உராய்ந்து நூல் பிரியத் தொடங்கினால் அந்தத் துண்டுக்கு அன்றோடு ஓய்வு.

ஜோடி முறையின் பலவீனம் ஜோடியே. மூன்று பேர் வராத நாளில் 37 பேர், ஒரு மூவர் அணி தவிர்க்க முடியாது. அந்த அணியில் ஆளுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், மிச்சமுள்ள நான்காம் 30 வினாடியை யார் எடுப்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். நெருங்கிய நண்பர்கள் எண்ணுவதில் தாராளம் காட்டுவார்கள் என்பதால் மாதம் ஒருமுறை ஜோடியை மாற்றுகிறேன். உயரமும் வலுவும் ஓரளவு ஒத்திருந்தால் போதும், பெண்களுக்குப் பெண்களே கூட்டாளி. விசிலைக் கேட்டு பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்த பிறகு கைதட்டலுக்கு மாறியது தனிக்கதை. எண்ணும் முறையில் சத்தம் குறைவு என்பதால் அந்தப் புகாரும் தானே ஓய்ந்தது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பிடித்துக்கொண்டால் இந்த ஒப்பீடே மாறிவிடும். வராந்தா ஈரமானால் தூண் இழுவையை முதலில் நிறுத்துகிறேன், ஏனென்றால் சாய்ந்து நிற்பவரின் குதிகால் வழுக்கினால் முதுகு நேராகத் தரையில் விழும். அன்றைக்கு மேல்மாடி நடைபாதையில், சுவர் ஓரமாக, ஒற்றை வரிசையில் 40 பேரையும் நிறுத்தி, சுவர்த் தண்டாலும் சுவரில் முதுகு சாய்த்து நாற்காலிபோல் உட்காரும் நிலையும் மட்டும் செய்யவைக்கிறேன். வரிசை ஒன்றே என்பதால் நடந்துகொண்டே எல்லோரையும் பார்த்துவிட முடிகிறது, ஜோடி தேவைப்படுவதில்லை.